கொதிநீரா, ஆர்ஓ தண்ணீரா?

மதுரையில் குழாயில் வைகைத் தண்ணீர் வராத நாளில் போர் தண்ணீர்தான். குழாய்த் தண்ணீர் கலங்கலாகவோ சாக்கடை வாடையோடோ வந்தால் கிருமி இருக்கலாம். போர் தண்ணீரில் பெரும்பாலும் உப்பு. இரண்டும் வேறு வேறு சிக்கல்.

கிருமிக்குக் கொதிநீர் போதும். கலங்கலைத் தெளியவிட்டு, நாலாக மடித்த வேட்டித் துணியில் வடிகட்டி, தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்கவிடுங்கள். சோறும் குழம்பும் அடுப்பிலேயே கொதிப்பதால் அவற்றுக்குத் தனியாகக் காய்ச்ச வேண்டாம். பச்சையாகச் சாப்பிடும் மல்லித்தழை, வெள்ளரி, தயிர்ப்பச்சடி வெங்காயம் இவற்றுக்குத்தான் காய்ச்சி ஆறிய நீர் தேவை. மண் போகக் குழாய்த் தண்ணீரில் அலசி, கடைசி அலசலுக்கு மட்டும் காய்ச்சிய நீரை ஊற்றுங்கள். சொம்பை உள்ளே விட்டு மொண்டால் காய்ச்சியது வீண்.

ஆனால் காய்ச்சினால் உப்பு போகாது. பாத்திரத்தில் வெள்ளையாகக் கொஞ்சம் படியும், மிச்சம் தண்ணீரிலேயே நிற்கும். துவரம்பருப்பு எத்தனை விசில் விட்டாலும் மசியாமல் நிற்பது பெரும்பாலும் இதனால்தான்; சுண்ணாம்புச் சத்து பருப்பை இளக விடாது. பருப்புக்கு ஆர்ஓ தண்ணீர்தான் சரி. கீரை அலசவும் அதையே பிடிப்பது வீண்செலவு. ஆர்ஓ தொட்டியில் குளோரின் இல்லாததால் நாள்கணக்கில் தேங்கினால் கிருமி மறுபடி வளரும். ஊருக்குப் போய்த் திரும்பினால் தொட்டியைக் காலி செய்துவிட்டுப் பிடியுங்கள்.