என்விஎம்இ-யில் விண்டோஸ், ஹார்டு டிஸ்க்கில் அதன் சாவி: சில ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

500 ஜிபி என்விஎம்இ டிரைவும் 4 டிபி ஹார்டு டிஸ்க்கும் உள்ள கணினியில் விண்டோஸை எதில் போடுவது என்று நண்பர் ஒருவர் கேட்டார். அதே அளவுள்ள இரண்டையும் சில ஆண்டுகளாகச் சேர்த்து வைத்திருப்பவன் என்பதால் யோசிக்காமல் “என்விஎம்இ-யில்” என்றேன். பதில் சரிதான், ஆனால் பாதிதான். மீதிப் பாதியைச் சென்ற மாதம் என் ஹார்டு டிஸ்க் கெடத் தொடங்கியபோதுதான் தெரிந்துகொண்டேன். அந்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை.

வேகத்தைப் பற்றி முதலில் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் ஹார்டு டிஸ்க்கில் தட்டு ஒரு சுற்றுச் சுற்ற 8 மில்லிவினாடிக்குச் சற்று அதிகமாகிறது. தேவையான இடம் படிக்கும் முனைக்குக் கீழே வரச் சராசரியாக அரைச் சுற்றுக் காத்திருக்க வேண்டும். முனை நகர்ந்து வருவதற்கும் ஏறத்தாழ 8 மில்லிவினாடி. ஆக, ஓர் இடத்தைத் தேடிப் படிக்க 12 மில்லிவினாடி, வினாடிக்கு எண்பது இடங்களுக்குச் சற்று மேல்தான் தேறும். விண்டோஸ் தொடங்கும்போது அங்கும் இங்கும் சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைத்தான் படிக்கிறது. என்விஎம்இ-யில் நகரும் பாகமே கிடையாது. ஒரு சிறு படிப்பு 0.1 மில்லிவினாடிக்குள் முடிந்துவிடும். அதே ஹார்டு டிஸ்க், ஒரு பெரிய கோப்பைத் தொடர்ச்சியாகப் படிக்கச் சொன்னால் வினாடிக்கு 150 எம்பி அளவுக்குத் தருகிறது. திரைப்படம் பார்க்க அதில் சிறு பங்கு போதும். எனவே சிஸ்டமும் மென்பொருள்களும் என்விஎம்இ-யில், படங்களும் காணொளிகளும் ஹார்டு டிஸ்க்கில். இந்தப் பிரிவினையில் இதுவரை எனக்கு ஒரு குறையும் இல்லை.

குறை வேறிடத்தில் இருந்தது. ஹார்டு டிஸ்க்கில் பழுதான பகுதிகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனதால், கோப்புகளை நகலெடுத்துவிட்டு அதைக் கழற்றினேன். விண்டோஸ் இருப்பது என்விஎம்இ-யில்தானே, கணினி வழக்கம்போல் தொடங்க வேண்டும். தொடங்கவில்லை, நேராக பயாஸ் திரைக்குப் போய் நின்றது. என்விஎம்இ அங்கே பட்டியலில் தெரிகிறது, ஆனால் அதிலிருந்து தொடங்க வழியில்லை. சாகக் கிடந்த ஹார்டு டிஸ்க்கை மீண்டும் செருகினால் ஒன்றுமே நடக்காததுபோல் விண்டோஸ் வருகிறது.

காரணம் இதுதான். இப்போதைய கணினிகளில் விண்டோஸ் தொடங்குவதற்கான சிறு நிரல் C டிரைவில் இருப்பதில்லை. FAT32 வடிவில் உள்ள ஒரு சிறிய தனிப் பகுதியில் இருக்கிறது. நிறுவும்போது வேறொரு டிஸ்க்கில் ஏற்கெனவே அப்படி ஒரு பகுதி இருந்தால், விண்டோஸ் புதிதாக ஒன்றை உருவாக்காமல் அதையே எடுத்துக்கொள்ளக்கூடும். என் ஹார்டு டிஸ்க் பழைய கணினியிலிருந்து வந்தது, அதில் முந்தைய விண்டோஸின் பகுதி மிச்சம் இருந்தது. கணினியை இணைத்துத் தந்தவர் இரண்டு டிஸ்க்கையும் செருகிய நிலையிலேயே நிறுவியிருக்கிறார். நிறுவி முடித்ததும் C டிரைவ் என்விஎம்இ-யில் தெரிந்தது, வேகமும் இருந்தது, அவருக்கு அதற்கு மேல் பார்க்கத் தோன்றவில்லை. நிறுவும் நேரத்தில் ஒரே ஒரு கேபிளைப் பிடுங்கி வைத்திருந்தால் போதும். அதற்கு எத்தனை வினாடி ஆகும்?

உங்கள் கணினியில் எப்படி என்று அறிய எதையும் கழற்ற வேண்டாம். Disk Management-ஐத் திறந்து, “EFI System Partition” என்று எழுதியுள்ள கட்டம், அதாவது அந்தச் சிறிய பகுதி, எந்த வரிசையில் இருக்கிறது என்று பாருங்கள். C இருக்கும் அதே டிஸ்க்கின் வரிசையில் இருந்தால் கவலையில்லை. என் கணினியில் அது Disk 0-வில், அதாவது ஹார்டு டிஸ்க்கில் இருந்தது. C இருந்தது Disk 1-இல்.

சரிசெய்ய விண்டோஸை மீண்டும் நிறுவ வேண்டியதில்லை. C-யிலிருந்து 300 எம்பி இடத்தைக் குறைத்து, அங்கே ஒரு புதிய தொடக்கப் பகுதியை உருவாக்கி, நிரலை அதில் எழுதினால் போதும். அதற்கு முன் இரண்டு எச்சரிக்கைகள். டிரைவ் குறியாக்கம் செய்யப்பட்டிருந்தால் அதைத் தற்காலிகமாக நிறுத்திவையுங்கள், மீட்புச் சாவியையும் வேறிடத்தில் எழுதி வையுங்கள். தொடங்கும் வழி மாறியதைக் கண்டு கணினி அந்தச் சாவியைக் கேட்கக்கூடும். இரண்டாவது, `list disk` காட்டும் எண்ணைப் பார்க்காமல் கீழே உள்ளதை அப்படியே தட்டச்சு செய்யாதீர்கள். என் என்விஎம்இ-யின் எண் 1, உங்களுடையது 0 ஆக இருக்கலாம். அந்த வரியில் Gpt என்ற பத்தியில் நட்சத்திரக் குறி இருக்கிறதா என்பதையும் பாருங்கள். இல்லையென்றால் இந்த வழி உங்களுக்கு உதவாது.

நிர்வாகி உரிமையுடன் திறந்த கட்டளைச் சாளரத்தில் நான் கொடுத்தவை:

```
diskpart
list disk
select volume C
shrink desired=300
select disk 1
create partition efi size=260
format quick fs=fat32 label=System
assign letter=S
exit
bcdboot C:\Windows /s S: /f UEFI
```

கடைசி வரியைக் கொடுத்ததும், கோப்புகள் வெற்றிகரமாக உருவாக்கப்பட்டன என்ற செய்தி வர வேண்டும். பிறகு பயாஸில் “Windows Boot Manager” இரண்டு முறை தெரியக்கூடும். அவற்றில் என்விஎம்இ-யின் பெயர் உள்ளதை முதலில் வைக்க வேண்டும். இதோடு வேலை முடிந்தது என்று நம்பிவிடாதீர்கள். கணினியை முழுவதுமாக அணைத்து, ஹார்டு டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிட்டுத் தொடங்கிப் பாருங்கள். அப்போதும் விண்டோஸ் வந்தால்தான் சிஸ்டம் உண்மையில் என்விஎம்இ-யில் இருக்கிறது என்று பொருள்.

எனக்கு ஹார்டு டிஸ்க் அரை உயிரோடாவது இருந்தது. அது முழுவதுமாகப் போயிருந்தால், நிறுவும் யுஎஸ்பி-யிலிருந்து தொடங்கி, Shift+F10 அழுத்தி இதே கட்டளைகளைக் கொடுக்க வேண்டியிருந்திருக்கும். அங்கே விண்டோஸ் உள்ள டிரைவுக்கு C என்ற எழுத்தே இருக்கும் என்று சொல்ல முடியாது, `list volume` கொடுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

புதிய ஹார்டு டிஸ்க் வந்துவிட்டது. அதனிடமும் ஒரு பழைய சச்சரவு தொடர்கிறது. சிறிது நேரம் யாரும் தொடாவிட்டால் அது சுழல்வதை நிறுத்திவிடுகிறது. பிறகு C-யில் இருக்கும் ஒரு கோப்பைச் சேமிக்கப் போனாலும், சேமிக்கும் சாளரம் எல்லா டிரைவுகளையும் எட்டிப் பார்ப்பதால், தட்டு மீண்டும் வேகம் பிடிக்கும்வரை சில வினாடிகள் திரை உறைந்து நிற்கிறது. வேகத்துக்காக வாங்கிய கணினி, மெதுவான டிஸ்க் எழுந்து வரட்டும் என்று காத்திருக்கிறது! `powercfg /change disk-timeout-ac 0` கொடுத்தால் மின்சாரத்தில் இயங்கும்போது டிஸ்க் உறங்காது. ஆனால் நாள் முழுவதும் அதன் ரீங்காரத்தைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். நான் ரீங்காரத்தைத் தேர்ந்தெடுத்தேன். Desktop, Documents ஃபோல்டர்களை ஹார்டு டிஸ்க்குக்கு மாற்றி இடம் மிச்சப்படுத்தச் சொல்பவர்கள் உண்டு. இந்த உறக்கச் சிக்கல் இருக்கும்வரை நான் அதைச் செய்ய மாட்டேன்.

இவ்வளவு நாளும் வேகத்தில் ஒரு குறையும் வைக்காத அமைப்பு இது. இருந்தாலும் அடுத்த கணினியில் இரண்டையும் ஒரே பெட்டிக்குள் வைக்கப் போவதில்லை. 2 டிபி என்விஎம்இ ஒன்று மட்டும் உள்ளே இருக்கும், ஹார்டு டிஸ்க் யுஎஸ்பி பெட்டியில் வெளியே இருக்கும், நகலெடுக்கும்போது மட்டும் செருகிக்கொள்வேன். விண்டோஸ் நிறுவும் அன்று அது மேசை மேல்கூட இருக்காது.