ஸ்டார்ட்-ஸ்டாப் வண்டியில் 15W-40 இன்ஜின் ஆயில் ஊற்றி 4,800 கிலோமீட்டர் ஓட்டியதில் தெரிந்தது

வண்டி 2020-இல் வாங்கியது. 1.5 லிட்டர் பெட்ரோல், மேனுவல் கியர், பெல்ட்டில் ஓடும் ஸ்டார்ட்டர் ஜெனரேட்டர், அதாவது சிக்னலில் நியூட்ரல் போட்டு கிளட்சை விட்டால் இன்ஜின் தானே நின்றுவிடும், கிளட்ச் மிதித்தால் மறுபடி எடுத்துக்கொள்ளும். இப்போது 84,000 கிலோமீட்டர் ஆகிறது. ஊர் கேரள எல்லையோரக் கொழிஞ்சாம்பாறை, வாரத்தில் நான்கு நாள் வேலந்தாவளம் வழியாகக் கோயம்புத்தூர் போய் வருகிறேன், ஒரு நாளைக்குப் போக வர எழுபது கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் எப்போதும் தமிழ்நாட்டுப் பக்கத்துப் பங்கில்தான், அங்கே விலை குறைவு, எல்லைக்காரன் யாரும் இதை விடமாட்டான்.

வாரண்டி முடிந்த பிறகு 2023 நவம்பரில், 58,000-இல், பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் ஆயில் மாற்றக் கொடுத்தேன். எங்கள் ஊரில் பாதி தமிழும் பாதி மலையாளமுமாகப் பேசுவார்கள், அந்தச் சேட்டனும் அப்படித்தான். மேனுவலில் 0W-16 என்று போட்டிருக்கிறது என்று சொன்னதும் சிரித்துவிட்டார். "அது தண்ணி மாதிரி இருக்கும் சாரே, நம்ம பாலக்காட்டுச் சூட்டுக்கு நிக்குமா? இதை ஊத்து, இன்ஜின் கல்லு மாதிரி இருக்கும்" என்று, ஜீப்புக்கும் பிக்கப்புக்கும் ஊற்றுகிற 15W-40 டிரம்மிலிருந்து மூன்று லிட்டருக்குக் கொஞ்சம் மேல் பிடித்து ஊற்றினார். எனக்கும் தொள்ளாயிரம் ரூபாய் மிச்சம் என்று தோன்றியது, சரி என்றேன். அவரைக் குறை சொல்ல மாட்டேன், தலையாட்டியது நான்தான்.

அந்தச் "சூட்டுக்கு நிக்குமா" கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாரும் அங்கேதான் வழுக்குகிறார்கள். வெளியில் 38 டிகிரி அடித்தாலும் 22 டிகிரி இருந்தாலும், ஓடிச் சூடான இன்ஜினின் கூலன்ட்டைத் தெர்மோஸ்டாட் 90 டிகிரி பக்கத்தில்தான் பிடித்து வைக்கும், ஆயிலும் அதை ஒட்டி 90, 100 என்று நிற்கும், நீண்ட மலையேற்றத்தில் இன்னும் கொஞ்சம் ஏறும். அந்தச் சூட்டை மனதில் வைத்துத்தான் கிரேடை முடிவு செய்திருக்கிறார்கள். 0W-16 டப்பாவில் உள்ள 16 என்ற எண்ணே 100 டிகிரியில் அது எவ்வளவு கெட்டி என்பதற்கான வகுப்புதான். நம் ஊர் வெயில் அந்தக் கணக்கில் பெரிதாக வருவதே இல்லை. வெயில் கணக்கில் வருகிற இடம் ஒன்றுதான், காலையில் முதல் ஸ்டார்ட். அதிலும் நமக்கு லாபம்தான், பனி நாட்டுக்காரன் படுகிற பாடு நமக்கு இல்லை.

எண்களாகப் பார்த்தால், ஆயிலின் கெட்டியை அளக்கிற சென்டிஸ்டோக் கணக்கில், 100 டிகிரியில் 0W-16 சுமார் 7, 15W-40 சுமார் 14, அதாவது இரண்டு மடங்கு. ஆனால் 40 டிகிரிக்கு இறங்கினால் ஒன்று 37, 38 என்று இருக்கும், இன்னொன்று நூறைத் தாண்டிவிடும், கிட்டத்தட்ட மூன்று மடங்கு. மார்கழிக் காலையில் 20 டிகிரி என்றால் இடைவெளி இன்னும் கூடும். இதை நான் பிற்பாடுதான் படித்தேன், முதலில் காதில்தான் கேட்டது.

முதல் வாரம் ஒன்றுமே தெரியவில்லை, சொல்லப்போனால் இன்ஜின் சத்தம் கொஞ்சம் அமுங்கினாற்போல இருந்தது, நானே இரண்டு பேரிடம் பெருமையாகச் சொன்னேன். டிசம்பர் பாதியில் காலை ஸ்டார்ட்டில் முன்பக்கத்தில் ஒரு "கடகட", இரண்டு வினாடி, பிறகு நின்றுவிடும். பகலில் வராது. டைமிங் செயினை இழுத்துப் பிடிக்கிற டென்ஷனர் ஆயில் பிரஷரில் வேலை செய்வது, இரவில் அதிலிருந்து ஆயில் கொஞ்சம் வடிந்து இறங்கும், காலையில் மறுபடி நிரம்பும் வரை செயின் தளர்வாக ஆடும். மெல்லிய ஆயில் சட்டென்று போய்ச் சேர்கிறது, கெட்டி ஆயில் ஊர்ந்து போகிறது. டேஷ்போர்டில் ஆயில் லைட் அணைந்தால் போதும் என்று நினைக்கிறோம். அந்த லைட் சொல்வது பிரஷரை மட்டும்தான், கெட்டி ஆயிலில் பிரஷர் எளிதாக ஏறிவிடும், கூடுதலானதைப் பம்ப்பின் ரிலீஃப் வால்வு திருப்பி விட்டுவிடும். போய்ச் சேர்ந்த அளவு எவ்வளவு என்று லைட்டுக்குத் தெரியாது.

அடுத்தது ஆத்துப்பாலம் சிக்னல். இன்ஜின் நின்று, கிளட்ச் மிதித்தால் முன்பெல்லாம் எடுத்ததே தெரியாது, இப்போது ஸ்டீயரிங்கில் ஒரு உதறல் வந்தது. கூடவே ஸ்டார்ட்-ஸ்டாப் வேலை செய்யாத நாட்களும் அதிகமாயின. காலையில் ஆயில் சூடாகும் வரை இன்ஜினைச் சுற்ற அதிக விசை வேண்டும், அதைக் கொடுப்பது பேட்டரி, பேட்டரி அளவு குறைந்தால் கம்ப்யூட்டர் இன்ஜினை நிறுத்தவே விடாது. இது என் ஊகம், பேட்டரிக்கும் அப்போது மூன்று வயது, அதனால் பழி முழுவதையும் ஆயில் மேல் போட மாட்டேன்.

பிப்ரவரிக் கடைசியில் செக் இன்ஜின் லைட் வந்தது. நண்பரின் ஸ்கேனரில் பார்த்தால் `P0011` என்ற எரர் கோடு. உள்ளே காற்று விடும் வால்வுகளின் கேம்ஷாஃப்டைக் கம்ப்யூட்டர் ஒரு கோணத்துக்குத் திருப்பச் சொல்கிறது, அது சொன்ன இடத்தில் இல்லை என்று அர்த்தம். இதுதான் இந்த விவகாரத்தின் மையம் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கேம்ஷாஃப்ட் பல்சக்கரத்துக்குள்ளே ஃபேசர் என்று ஒன்று இருக்கிறது, அதன் சிறகுகளுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆயிலை விட்டு, வால்வு திறக்கும் நேரத்தை முன்னே பின்னே நகர்த்துகிறார்கள். ஆயிலை எந்தப் பக்கம் விடுவது என்று ஒரு சின்ன சோலனாய்டு வால்வு தீர்மானிக்கிறது, அதன் ஓட்டைகள் எல்லாம் மெல்லியவை. ஆக இங்கே ஆயில் வழுக்கலுக்காக மட்டும் இல்லை, ஜேசிபி கையைத் தூக்குகிற ஹைட்ராலிக் ஆயில் மாதிரி வேலை பார்க்கிறது. எவ்வளவு வேகத்தில் நகர வேண்டும் என்ற கணக்கு மெல்லிய ஆயிலுக்குப் போட்டது. இன்ஜின் நிற்கும்போது ஃபேசர் தன் பூட்டு நிலைக்குத் திரும்பி ஒரு பின்னில் மாட்டிக்கொள்ள வேண்டும். சாதாரண வண்டியில் இது ஒரு நாளைக்கு இரண்டு முறை. என் வண்டியில் போக ஏழு, வர ஏழு என்று சிக்னலில் பதினான்கு, வீட்டிலும் ஆபீசிலும் இரண்டு, ஆகப் பதினாறு. மாதம் 17 நாள் என்றால் 34-க்குப் பதில் 272. எட்டு மடங்கு தடவை பூட்டித் திறக்கிற ஒரு பொருளுக்குத் தேன் ஊற்றிக் கொடுத்தால் என்ன ஆகும்?

கோடு வந்ததும் சோலனாய்டு மாற்றச் சொல்லி ஒரு இடத்தில் சில ஆயிரம் கேட்டார்கள். நான் அதைக் கழற்றி, அதிலுள்ள வடிகட்டி வலையை மட்டும் பார்க்கச் சொன்னேன். வலை சுத்தமாக இருந்தது, கசடு இல்லை. அப்படியென்றால் அடைப்பு இல்லை, மிச்சம் இருப்பது ஆயில்தான். மார்ச்சில் 62,800-இல் வடித்துவிட்டு ஃபில்டரும் மாற்றி 0W-16 ஊற்றினோம், ஸ்கேனரில் அந்த எரர் கோடையும் அழித்தோம். இரண்டாம் நாள் காலையில் கடகட இல்லை. `P0011` இன்றுவரை திரும்பி வரவில்லை.

மைலேஜையும் சொல்கிறேன், டேங்க் ஃபுல் செய்து நோட்டில் எழுதுகிற பழக்கம் எனக்கு உண்டு. முன்பு சராசரி 18.8, அந்த நான்கு மாதத்தில் 18.0. 4,800 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 11 லிட்டர் கூடுதல் செலவு, லிட்டர் நூறு ரூபாய்க்கு மேல். மிச்சம் பிடித்த தொள்ளாயிரம் அங்கேயே போயாகிவிட்டது.

இப்போது ஒரு விஷயம். "கெட்டி ஆயில் போட்டால் பேரிங் போய்விடும்" என்று பயமுறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள், அது சரியில்லை. இன்ஜின் நின்றதும் கிராங்க்‌ஷாஃப்ட் தன் எடையில் கீழே உட்கார்ந்து நடுவில் உள்ள ஆயில் படலத்தைப் பிதுக்கித் தள்ளிவிடும், மறுபடி எடுக்கும்போது படலம் உருவாகும் வரை உலோகத்தோடு உலோகம் உரசும். சூடான இன்ஜினில் அந்தப் படலத்தைச் சீக்கிரம் தூக்கி நிறுத்துவது உண்மையில் கெட்டி ஆயில்தான். மெல்லிய ஆயிலில் உரசல் கொஞ்சம் நேரம் நீடிக்கும், அதற்காகத்தான் இந்த வகை இன்ஜின்களில் பேரிங் மேல் பாலிமர் பூச்சும், ஆயிலில் மாலிப்டினம் போன்ற சேர்க்கைகளும் வந்தன. ஆக, சேட்டன் சொன்னதில் ஒரு துளி நியாயம் உண்டு. பேரிங்குக்கு அவர் ஊற்றியது கெடுதல் செய்திருக்காது. அவதிப்பட்டது ஃபேசரும் டென்ஷனரும் என் பர்ஸும்தான்.

இன்னொன்று, இது எனக்குப் பிறகுதான் உறைத்தது. அந்த டிரம்மில் CI-4 என்று போட்டிருந்தது, அது டீசல் ஆயில். பெட்ரோல் வண்டிக்கான SP ரக மெல்லிய ஆயில்களில் பாஸ்பரஸ் 0.08 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, டீசல் ஆயிலில் பொதுவாக அதைவிட அதிகம். பாஸ்பரஸ் எரிந்து போய் உட்காருவது கேட்டலிடிக் கன்வர்ட்டரில். நான்கு மாதத்தில் கெடாது, நான்கு வருடம் இப்படியே ஊற்றினால் கெடலாம்.

அதன் பிறகு வேண்டுமென்றே ஒரு சோதனை செய்தேன். என் மேனுவலில் 0W-16 கிடைக்காவிட்டால் 5W-30 போடலாம் என்று இருக்கிறது, 70,300-இல் அதை ஊற்றி 77,800 வரை ஓட்டினேன். நெல்லியாம்பதி மலையும் இரண்டு தடவை ஏறினேன். சத்தம் இல்லை, கோடு இல்லை, சிக்னலில் உதறல் இல்லை, மைலேஜ் 18.5. வயதான இன்ஜின், ஏற்றம் அதிகம், பாரம் அதிகம் என்றால் நான் தயங்காமல் 5W-30 போடுவேன், மேனுவல் அனுமதித்தால் மட்டும். மேனுவல் சொன்ன படி வரை ஏறுவது வேறு, அதையும் தாண்டிக் குதிப்பது வேறு. தலைகீழாகவும் செய்யாதீர்கள், மாமா தன் 2009 காருக்கு 0W-16 கேட்டார், வேண்டாம் என்றேன், அந்தப் பேரிங் இடைவெளிகள் அதற்கு ஏற்றவை இல்லை.

மெல்லிய ஆயிலில் நான் உண்மையாகவே கவனிப்பது வேறு. குறைந்த தூரம் அடிக்கடி ஓட்டினால் எரியாத பெட்ரோல் ஆயிலில் கலந்து அதை இன்னும் மெல்லியதாக்கும், ஏற்கெனவே மெல்லியதற்கு அவ்வளவு இடம் இல்லை. மாதம் ஒருமுறை டிப்ஸ்டிக்கை உருவி முகர்ந்து பார்ப்பேன், பெட்ரோல் வாசனை வந்தாலோ, ஊற்றாமலேயே அளவு ஏறியிருந்தாலோ அதுதான் அடையாளம். அதனால் 10,000 வரை போகாமல் 7,500 அல்லது ஆறு மாதம், எது முதலோ அது. இப்போது மறுபடி 0W-16-தான் ஓடுகிறது. எங்கள் ஊர்க் கடையில் கிடைப்பதில்லை, பாலக்காடு டவுன் போனால்தான், அதனால் டிக்கியில் ஒரு லிட்டர் டப்பா எப்போதும் கிடக்கிறது.