மினாக்சிடில்: என் இரண்டு ஆண்டு அனுபவமும், பெறாமகளுக்கு அதைக் கொடுக்க மறுத்த காரணமும்

47 வயதில் என் முடி மெலியத் தொடங்கியது. மினாக்சிடில் பூச ஆரம்பித்து இப்போது இரண்டு ஆண்டுகள் கடந்துவிட்டன. கல்லடியில் என்னைக் காணும் பெண்களில் பலர் "என்ன பூசுகிறீர்கள் அக்கா?" என்று கேட்கிறார்கள். மருந்தின் பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வருவதில்லை. ஒருத்திக்குக் கைகொடுக்கும் அதே போத்தல் இன்னொருத்திக்குத் தேவையே இல்லாமல் போகலாம். பாலூட்டும் தாய்க்குக் கொடுக்கவும் கூடாது.

எனக்கு முடி கொத்துக் கொத்தாகக் கொட்டவில்லை. உச்சி பிரித்த கோடுதான் மெல்ல மெல்ல அகன்றது. முன்நெற்றி ஓரம் அப்படியே இருக்க, உச்சியில் மட்டும் தோல் வெளியே தெரிந்தது. கொண்டைக்கு இரண்டு சுற்றுப் போட்ட ரப்பர் பட்டி மூன்று சுற்றுக் கேட்டது. அதே காலத்தில் மாதவிடாயும் தடுமாறியது. சில மாதம் வராது, வந்தால் அளவுக்கு மிஞ்சிப் போகும்.

மாதவிடாய் நிற்பதற்கு முந்திய இந்த ஆண்டுகளில் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்ட்டரோனும் ஏறி இறங்கி, கடைசியில் குறைந்துபோகின்றன. பெண் உடலிலும் சிறிதளவு ஆண் ஹோர்மோன் உண்டு. அது கூடாவிட்டாலும், மற்றவை குறையும்போது அதன் கை ஓங்குகிறது. பரம்பரையில் அந்த வாகு உள்ளவர்களுக்கு உச்சியிலுள்ள மயிர்க்கால்கள் சிறுத்து, ஒவ்வொரு முறையும் முன்னதைவிட மெல்லிய, குட்டையான முடியையே முளைக்க விடுகின்றன. என் உச்சியைக் கைக்கண்ணாடியில் பார்த்தபோது தடித்த முடியும் பூனைமயிர் போன்ற முடியும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. தோல் வைத்தியர் முதலில் பார்த்த அடையாளமும் அதுதான்.

மருந்து எழுதுவதற்கு முன் அவர் இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார். ஹீமோகுளோபின் சரியாகவே இருந்தது. ஆனால் உடலில் சேமிப்பிலுள்ள இரும்பைக் காட்டும் பெரிட்டின் குறைந்திருந்தது. அதிக உதிரப்போக்கு உள்ள பெண்களிடம் இது அடிக்கடி காணப்படுகிறது, ஹீமோகுளோபினை மட்டும் பார்த்தால் பிடிபடாமல் போய்விடும். தைரொய்டையும் பார்க்கச் சொன்னார். முடிக்கென்று பயோட்டின் குளிசை எடுப்பவர்கள் அதை இரத்தம் எடுப்பவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்; அது தைரொய்ட் முடிவைப் பிழையாகக் காட்ட வைக்கும். இரும்புக் குளிசை தொடங்கியதும் சாப்பாட்டோடு பிளேன்ரீ குடிக்கும் வழக்கத்தை விட்டேன். தேயிலை இரும்பை உடலில் சேர விடாது. பெரிட்டின் பார்க்காமல் தாமாகவே இரும்புக் குளிசை விழுங்குவது நல்லதல்ல, மிஞ்சிய இரும்பு உடலுக்குக் கெடுதல்.

இனி மருந்து. எனக்கு 5 சதவீத மினாக்சிடில், இரவில் ஒரு முறை, 1 மில்லிலீற்றர். உச்சியைக் கோடு கோடாகப் பிரித்து, முடியில் அல்லாமல் தோலில் விட்டு, விரல்நுனியால் பரப்ப வேண்டும். பிறகு கையைக் கழுவ வேண்டும். தோல் உலர்ந்திருக்க வேண்டும், எண்ணெய் இருக்கக் கூடாது. தேங்காய் எண்ணெய் பழகிய எனக்கு இதுதான் பெரிய சங்கடம். இப்போது தலைமுழுகுவதற்கு முன் முடியின் நீளத்துக்கு மட்டும் எண்ணெய் பூசுகிறேன். தேங்காய் எண்ணெய் முடி முறிவதைக் குறைக்கும், புது முடியை முளைக்க வைக்காது. படுப்பதற்கு இரண்டு மணி நேரத்துக்கு முன்பே பூசிவிடுவேன்; தலையணையில் பட்டு முகத்தில் ஒட்டினால் அங்கும் மயிர் முளைக்கும். எனக்குக் கன்னத்தோரம் மென்மயிர் கொஞ்சம் வந்தது, அளவைச் சரியாக்கியதும் குறைந்தது. வீட்டில் பூனை இருந்தால் மிகவும் கவனம். இந்த மருந்து பூனைக்கு நஞ்சு, பூசிய தலையையோ தலையணையையோ அது நக்க விடக் கூடாது.

தொடங்கிய சில வாரங்களில் முடி முன்பைவிட அதிகமாக உதிர்ந்தது. ஓய்வில் இருந்த பழைய முடியைத் தள்ளிவிட்டுப் புதிய முடி வளரத் தொடங்குவதால் அப்படி நடக்கும் என்று வைத்தியர் முன்பே சொல்லியிருந்தார். அவர் சொல்லியிராவிட்டால் நான் போத்தலை எறிந்திருப்பேன். பலர் நிறுத்திவிடுவதும் அந்த இடத்தில்தான். மாதம் ஒரு முறை, ஒரே யன்னலடியில், ஒரே வெளிச்சத்தில் உச்சியைப் படம் எடுத்து வைத்தேன். நான்காம் மாதம்வரை படங்களில் வித்தியாசம் இல்லை. ஆறாம் மாதத்தில் கோடு ஒடுங்கியது தெரிந்தது. ஓர் ஆண்டில் வந்து நின்ற நிலையே இன்றும் இருக்கிறது. இருபது வயதில் இருந்த அடர்த்தி திரும்பவில்லை. மேலும் மெலிவது நின்றது, உச்சித் தோல் மறைந்தது. நிறுத்தினால் சில மாதங்களில் பழைய நிலைக்குப் போய்விடும். ஆகவே தொடர்ந்து வாங்கப் பணமும் பொறுமையும் இருப்பவர்களே தொடங்குவது நல்லது.

என் பெறாமகள் களுவாஞ்சிக்குடியில் இருக்கிறாள். பிள்ளைக்கு நாலாம் மாதம் நடக்கும்போது, "பெரியம்மா, எனக்கும் அந்த மருந்தைத் தாருங்கள்" என்று அழாக்குறையாகக் கேட்டாள். குளியலறையில் நீர் போகும் வாய் அடைபடும் அளவுக்கு முடி. அங்குள்ள கிணற்றுத் தண்ணீர் சவர், அதனால்தான் என்று மாமியார் சொல்லியிருந்தார். உதிர்ந்த முடி சிலவற்றை வெள்ளைத்தாளில் வைத்துப் பார்த்தோம். ஒவ்வொன்றின் அடியிலும் சிறு வெள்ளைக் குமிழ் இருந்தது. வேரோடு, தன் காலம் முடிந்து வந்த முடி அது. சவர்த் தண்ணீர் முடியை வரளவைத்து முறிக்கலாம். அப்படி முறிந்ததில் குமிழ் இருக்காது.

கர்ப்பத்தில் ஈஸ்ட்ரோஜன் உயர்ந்திருப்பதால், உதிர வேண்டிய முடியும் உதிராமல் வளர்ச்சியிலேயே நிற்கிறது. பிள்ளை பிறந்ததும் ஈஸ்ட்ரோஜன் சட்டென்று இறங்க, அவை எல்லாம் ஒன்றாக ஓய்வுக்குப் போகின்றன. அந்த ஓய்வு சுமார் மூன்று மாதம். பிறகு, ஒரே நாளில் விதைத்த வயல் ஒரே நேரத்தில் அறுவடைக்கு வருவதுபோல எல்லாம் சேர்ந்து உதிர்கின்றன. அவளுக்கு நாள்கணக்கு அப்படியே பொருந்தியது. உச்சிக்கோடு அகலவில்லை, தலை முழுவதும்தான் ஐதாகியிருந்தது. மயிர்க்கால்கள் சிறுக்கவில்லை, அதனால் மினாக்சிடிலுக்கு அங்கே வேலை இல்லை. பாலூட்டும் காலத்தில் அதை வைத்தியர்கள் தவிர்க்கவே சொல்கிறார்கள்.

பேற்றின்போது அவளுக்கு இரத்தம் நிறையப் போயிருந்தது. அதனால் பெரிட்டினையும் தைரொய்டையும் பார்க்கச் சொன்னேன். பேற்றுக்குப் பிந்திய மாதங்களில் சிலருக்குத் தைரொய்ட் அழற்சி வரும். நெஞ்சு படபடப்பு, தாங்காத களைப்பு, காரணமில்லாத எடை மாற்றம் இருந்தால் அதை நினைக்க வேண்டும். அவளுக்குத் தைரொய்ட் சரி, இரும்பு குறைவு. குளிசையோடு நெத்தலி, முருங்கையிலைச் சுண்டல், மேலே தேசிப்புளி என்று சாப்பிட்டாள். இறுக்கிக் கட்டும் கொண்டையை விட்டாள். எட்டாம் மாதமளவில் நெற்றியோரம் எல்லாம் நுனி கூர்ந்த குட்டை முடி எழுந்து நின்றது. பிள்ளையின் முதலாவது பிறந்தநாளுக்குப் பின்னலில் பழைய தடிப்பு ஏறத்தாழ வந்துவிட்டது.

ஓராண்டு கடந்தும் உதிர்வு குறையாவிட்டாலோ உச்சிக்கோடு அகன்றுகொண்டு போனாலோ, இளம் தாயாக இருந்தாலும் வைத்தியரிடம் காட்ட வேண்டும். பேற்று உதிர்வு சிலரிடம் உள்ளே மறைந்திருந்த பரம்பரை மெலிவை வெளிக்கொண்டு வரும். காசளவில் வட்டமாக வழுவழுப்பாகும் இடம், தலைத்தோலில் சிவப்பும் எரிவும், நடுவயதில் நெற்றி ஓரம் பின்வாங்கிப் புருவமும் குறைவது ஆகியவை நான் மேலே சொன்ன இரண்டிலும் சேராதவை. இவற்றைக் கண்டால் போத்தல் வாங்கிக் காத்திருக்காமல் உடனே தோல் கிளினிக்குக்குப் போங்கள். தழும்பாகிவிட்ட மயிர்க்காலில் எந்த மருந்தாலும் முடி முளைக்காது.