ஐந்தா பத்தா, பொருளுக்கா பில்லுக்கா: ரொக்க பில்லில் ரவுண்டு ஆஃப்

ரொக்க பில்லைச் சில்லறைத் தொல்லை இல்லாத தொகையாக மாற்ற நினைக்கும் கடைக்காரர் முன்னால் இரண்டு கேள்விகள் நிற்கின்றன. எந்த அளவுக்கு முழுமையாக்குவது, ஐந்து ரூபாய்க்கா பத்து ரூபாய்க்கா என்பது முதல் கேள்வி. எந்த இடத்தில் முழுமையாக்குவது, ஒவ்வொரு பொருளின் விலையிலா பில்லின் மொத்தத்திலா என்பது இரண்டாவது. பெரும்பாலோர் முதல் கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள். ஆனால் பணம் அதிகமாக இடம் மாறுவது இரண்டாவது கேள்விக்குச் சொல்லும் விடையைப் பொறுத்துத்தான் என்பதால், இரண்டையும் சேர்த்தே ஒப்பிட வேண்டும்.

முதலில் ஐந்தையும் பத்தையும் பார்ப்போம். விலைகள் முழு ரூபாயில் இருந்தால், அருகிலுள்ள ஐந்துக்கு மாற்றும்போது எந்தத் தொகையும் இரண்டுக்கும் நடுவில் சிக்குவதில்லை. 1, 2, 6, 7 ஆகியவற்றில் முடியும் தொகைகள் இறங்குகின்றன. 3, 4, 8, 9 ஆகியவற்றில் முடிபவை ஏறுகின்றன. இறக்கமும் ஏற்றமும் ஒன்று அல்லது இரண்டு ரூபாய்தான். கடைசி இலக்கங்கள் எல்லாம் சம அளவில் வந்தால், ஏறியதும் இறங்கியதும் சரியாகக் கழிந்துவிடும். பத்துக்கு மாற்றும்போது இந்தச் சமநிலை கெடுகிறது. 5இல் முடியும் தொகை சரியாக நடுவில் நிற்கிறது. அதை மேலே தள்ளுவதே வழக்கம். 1 முதல் 4 வரை இறங்குவதையும் 6 முதல் 9 வரை ஏறுவதையும் கழித்தபின், அந்த 5 மட்டும் கடைக்காரர் பக்கம் மிஞ்சுகிறது. பத்துத் தொகைகளுக்கு ஐந்து ரூபாய், அதாவது சராசரியாகத் தொகைக்கு ஐம்பது காசு, வாடிக்கையாளரிடமிருந்து கூடுதலாக வருகிறது. 45, 75, 95 என்று 5இல் முடியும் விலைகளைக் கடைகள் விரும்பி வைப்பதால், நடைமுறையில் இந்தச் சாய்வு இன்னும் பெரிதாகும்.

இந்த நடு இலக்கத்தில் கணினிகளும் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை என்பதை, விலைப் பட்டியலைத் தாமே தயாரிப்பவர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும். எக்செலில் `=ROUND(25,-1)` என்று எழுதினால் 30 வரும். பைத்தானில் `round(25,-1)` என்று எழுதினால் 20 வரும், ஏனெனில் அது நடுவில் நிற்கும் எண்ணை, பத்தாம் இட இலக்கம் இரட்டைப்படையாக வரும் பக்கத்துக்குத் தள்ளுகிறது. இரண்டும் தத்தம் விதிப்படி சரியே. ஆனால் பட்டியலை ஒன்றிலும் பில்லை மற்றொன்றிலும் போட்டால், ஒரே பொருளுக்கு இரண்டு விலை வந்து நிற்கும். ஐந்துக்கான `=MROUND(B2,5)` வாய்ப்பாட்டில், முழு ரூபாய் விலைகளுக்கு இந்தச் சிக்கல் எழுவதில்லை. எடை போட்டு விற்கும்போது 37 ரூபாய் 50 காசு போன்ற தொகை வந்தால் மட்டுமே அங்கும் நடுநிலை தோன்றும்.

இனி, இடம் பற்றிய கேள்வி. எல்லாம் எடை போட்டு விற்கும் சரக்கு என்று வைத்துக்கொண்டு, எட்டு வரிகள் உள்ள ஒரு மளிகை பில்லை எடுத்துக்கொள்வோம்: பொட்டுக்கடலை 48, உளுந்து 73, கடுகு 18, துவரம் பருப்பு 129, வெல்லம் 33, பச்சைப்பயறு 84, வரமிளகாய் 63, நிலக்கடலை 98. உண்மையான கூட்டுத்தொகை 546 ரூபாய்.

| முறை | வாங்கும் தொகை | வித்தியாசம் |
|---|---|---|
| ஒவ்வொரு வரியும் ஐந்துக்கு | 560 | 14 கூடுதல் |
| ஒவ்வொரு வரியும் பத்துக்கு | 540 | 6 குறைவு |
| மொத்தம் மட்டும் ஐந்துக்கு | 545 | 1 குறைவு |
| மொத்தம் மட்டும் பத்துக்கு | 550 | 4 கூடுதல் |

சிறிய அலகான ஐந்து, பெரிய அலகான பத்தைவிடப் பெரிய பிழையைத் தந்திருப்பது முதல் பார்வைக்கு வியப்பாக இருக்கலாம். வரிகளின் கடைசி இலக்கங்களைப் பார்த்தால் காரணம் புரியும். எட்டு வரிகளும் 3, 4, 8, 9 ஆகியவற்றில்தான் முடிகின்றன. ஐந்துக்கு மாற்றும்போது இவை அனைத்தும் மேல்நோக்கியே போகின்றன. ஒன்று ஏறினால் இன்னொன்று இறங்கிச் சரிசெய்துவிடும் என்ற நம்பிக்கைக்கு இந்தப் பட்டியலில் இடமே இல்லை. பத்துக்கு மாற்றும்போது 3இலும் 4இலும் முடிபவை இறங்கி, 8இலும் 9இலும் முடிபவை ஏறுவதால், ஓரளவு கழிந்துவிடுகின்றன. விலைகள் 1, 2, 6, 7 ஆகியவற்றில் முடிந்திருந்தால் ஐந்து முறையில் கடைக்காரர் இதே அளவுக்கு இழந்திருப்பார். ஆகவே வரி வரியாக மாற்றும் முறை யாருக்கு லாபம் என்பதை அலகைக் கொண்டு சொல்ல முடியாது. அந்தக் கடையின் விலைகள் எந்த இலக்கத்தில் முடியும் பழக்கம் உள்ளவை என்பதைக் கொண்டுதான் சொல்ல முடியும். 49, 99, 198 என்று விலை வைக்கும் கடையில் அது எப்போதும் வாடிக்கையாளருக்குப் பாதகமே.

மொத்தத்தில் மாற்றும் முறைக்கு இந்த நிச்சயமின்மை இல்லை. பில்லில் எட்டு வரி இருந்தாலும் எண்பது வரி இருந்தாலும், முழு ரூபாய்க் கணக்கில் ஐந்துக்கு மாற்றினால் வித்தியாசம் இரண்டு ரூபாயைத் தாண்டாது. பத்துக்கு மாற்றினால் ஐந்து ரூபாயைத் தாண்டாது. வரி வரியாக மாற்றினால் வித்தியாசத்தின் எல்லை, வரிகளின் எண்ணிக்கையோடு வளர்ந்துகொண்டே போகும். ஒரு பொருளை எண்ணிக்கையில் வாங்கும்போது இது இன்னும் கடுமையாகிறது. 23 ரூபாய் விலையுள்ள ஒன்றை 25 ஆக்கி ஆறு வாங்கினால் 150 ரூபாய் ஆகிறது. உண்மையான தொகையான 138ஐ முழுமையாக்கினால் 140தான். கனடாவில் 2013இல் ஒரு சென்ட் நாணய விநியோகம் நிறுத்தப்பட்டபோது, ரொக்கமாகக் கொடுக்கும் இறுதித் தொகையை மட்டுமே ஐந்து சென்ட்டுக்கு மாற்ற வேண்டும், தனித்தனிப் பொருளை அல்ல என்று அந்நாட்டு அரசு சொன்னதும் இந்தக் கணக்கோடு ஒத்துப்போகிறது.

இரண்டு இடங்களிலும் மாற்றுவது எல்லாவற்றையும்விட மோசமான வழி. 44 ரூபாயைப் பட்டியலில் ஐந்துக்கு மாற்றி 45 என்று எழுதிவைத்து, பில்லில் அதைப் பத்துக்கு மாற்றினால் 50 ஆகிறது. நேராகப் பத்துக்கு மாற்றியிருந்தால் 40 ஆகியிருக்கும். ஒரே ஒரு பொருளில் பத்து ரூபாய் வேறுபாடு. பில் மென்பொருளில் இப்படி நடக்கிறதா என்பதை 44 ரூபாய்க்கு ஒரு சோதனை பில் போட்டுப் பார்த்தாலே கண்டுபிடித்துவிடலாம்.

ஆயினும் வரி வரியாக மாற்றும் முறைக்கு இரண்டு நியாயங்கள் உண்டு; அவற்றை நான் குறைத்து மதிப்பிடவில்லை. முதலாவது, விலைப்பலகையில் 75, 20, 130 என்று இருந்தால் வாங்குபவர் மனத்திலேயே கூட்டிச் சரிபார்த்துக்கொள்ளலாம். பலகையில் உள்ளதும் பில்லில் உள்ளதும் ஒன்றாகவே இருக்கும். இரண்டாவது, திருப்பிக் கொடுக்கும் பொருள். மேலே சொன்ன பில்லை 545க்கு முடித்தபின், 73 ரூபாய் உளுந்தை ஒருவர் திருப்பிக் கொண்டுவருகிறார் என்று வைத்துக்கொள்வோம். உளுந்தை மட்டும் தனியாக மாற்றினால் 75 கொடுக்க வேண்டியிருக்கும். மீதமுள்ள 473ஐ மாற்றி 475 ஆக்கி, 545இலிருந்து கழித்தால் 70தான் வரும். இரண்டில் பின்னதே பிழையை வளர்க்காத வழி என்றாலும், 73 ரூபாய்ச் சரக்குக்கு 70 ஏன் என்று கேட்பவருக்குக் கல்லாவில் நிற்பவர் பொறுமையாக விளக்க வேண்டியிருக்கும். வரி வரியாக மாற்றிய பில்லில், எழுதியிருக்கும் 75ஐ அப்படியே திருப்பிக் கொடுத்தால் போதும். விலையைக் கடைக்காரரே நிர்ணயிக்கும் சரக்குக்கு, வாய்ப்பாட்டை நம்பாமல் ஒவ்வொரு விலையாகப் பார்த்துப் பட்டியலையே புதிதாக ஐந்தின் மடங்கில் அமைத்துக்கொள்வது நேர்மையான வழி. அது ரவுண்டு ஆஃப் அல்ல, விலை நிர்ணயம். அதன்பின் பில்லில் மாற்ற எதுவும் இருக்காது.

பாக்கெட் சரக்குக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலைக்கு மேல் வாங்கக்கூடாது என்பது 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின்படி கட்டாயம். எம்.ஆர்.பி. 98 என்று இருக்கும் பாக்கெட்டை அருகிலுள்ள ஐந்துக்கு மாற்றி 100 வாங்கினால் விதி மீறப்படுகிறது. ரவுண்டு ஆஃப் என்ற பெயர் அதற்குப் பாதுகாப்பு ஆகாது. பில் முழுவதும் எம்.ஆர்.பி. விலையிலேயே போட்ட பாக்கெட்டுகளாக இருந்தால், மொத்தம் 148ஐ 150 ஆக்குவதிலும் அதே தவறு இருக்கிறது. இங்கே செய்யக்கூடியது கீழ்நோக்கி மாற்றுவது ஒன்றுதான்:

```
=FLOOR(B2,5)
```

இதற்கான விலையைக் கடைக்காரரே ஏற்கிறார். கடைசி இலக்கங்கள் சமமாக வந்தால், ஐந்துக்கு இறக்குவதில் பில்லுக்குச் சராசரி இரண்டு ரூபாயும், பத்துக்கு இறக்குவதில் நான்கரை ரூபாயும் போகும். ஐந்தையும் பத்தையும் ஒப்பிடும்போது என்னை ஐந்தின் பக்கம் உறுதியாக நிறுத்துவது இந்த எண்கள்தான். பத்துக்குச் சாதகமாகச் சொல்லக்கூடியது, கல்லாவில் ஐந்து ரூபாய் நாணயமே தேவைப்படாது என்பது மட்டும். நாணயம் தட்டுப்பாடாக இருக்கும் நாளில் அது பெரிய வசதி என்பதை மறுக்கவில்லை. ஆனால் அந்த வசதிக்காக 45 ரூபாய் பில்லுக்கு 50 வாங்குவது, நூற்றுக்குப் பதினோரு ரூபாய் கூடுதலாக வாங்குவதாகிறது. சிறிய பில்களே அதிகமாக ஓடும் கடையில் பத்தைத் தவிர்க்க வேண்டும். ஆயிரத்துக்கு மேல் ஓடும் கடையில் அது அவ்வளவு உறுத்தாது.

கணக்கு எழுதும் விதத்திலும் மொத்தத்தில் மாற்றும் முறையே எளிது. ஜி.எஸ்.டி. சட்டத்தின் 170ஆம் பிரிவு வரித் தொகையை அருகிலுள்ள ரூபாய்க்கு மாற்றச் சொல்கிறது. ஐந்தும் பத்தும் கடையின் வழக்கமே தவிர, வரிக்கணக்கைத் தொடுவதற்கில்லை. எனவே பொருள்களின் மதிப்பும் வரியும் உள்ளபடி இருக்க, வித்தியாசத்தை மட்டும் கடைசியில் தனி வரிசையாகக் காட்ட வேண்டும். டேலியில் இதற்கென ஒரு கணக்கைத் திறந்து, அதன் வகையை `Invoice Rounding` என்றும் முறையை `Normal Rounding` அல்லது `Downward Rounding` என்றும் அமைத்து, `Rounding Limit` என்ற இடத்தில் 5 என்று கொடுத்து, பில்லின் கடைசியில் அந்தக் கணக்கைத் தேர்ந்தெடுத்தால், வித்தியாசத் தொகையை அது தானே போட்டுக்கொள்ளும். மாதக் கடைசியில் அந்தக் கணக்கின் மீதியைப் பார்ப்பது அவசியம். `Normal Rounding` முறையில், மீதி பூச்சியத்தை ஒட்டி இருந்தால் ஏற்றமும் இறக்கமும் கழிந்திருக்கின்றன. ஒரே பக்கமாக வளர்ந்துகொண்டே போனால், விலைகள் எந்த இலக்கத்தில் முடிகின்றன என்று பட்டியலைத் திரும்பப் பார்க்க வேண்டும். யு.பி.ஐ.யில் பணம் செலுத்துபவரிடம் 546 ரூபாயை அப்படியே வாங்கலாம் என்பதால், இந்த ரவுண்டு ஆஃப் வரிசை ரொக்க பில்லில் மட்டுமே வர வேண்டும்.