பாட்டிக்குப் பிறந்தநாள் கடிதம்: அப்பா எழுதிக் கொடுப்பதா, பேத்தியே எழுதுவதா?

என் அண்ணன் குடும்பம் மெல்போர்னில் இருக்கிறது. அவருடைய 12 வயது மகள் வீட்டிலும் பள்ளியிலும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே பேசுகிறாள். வார இறுதித் தமிழ் வகுப்புக்குப் போவதால் எழுத்துக்கூட்டிப் படிக்க அவளால் முடியும். என் அம்மா, அதாவது அவளுடைய பாட்டி, மேற்கு மாம்பலத்தில் என்னுடன் இருக்கிறார். அவருடைய பிறந்தநாளுக்குப் பேத்தியிடமிருந்து வரும் கடிதம் எப்படி இருக்க வேண்டும் என்று அண்ணனும் நானும் பேசி, இந்த ஆண்டு ஒரு முடிவுக்கு வந்தோம். அதே யோசனையில் இருக்கும் குடும்பங்களுக்காக, எங்கள் முன் இருந்த வழிகளை ஒப்பிட்டு எழுதுகிறேன்.

இரண்டு வழிகளை எளிதில் ஒதுக்கிவிட்டோம். ஆங்கில எழுத்தில் தமிழை எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்புவது பேத்திக்குச் சுலபம், ஆனால் என் அம்மாவுக்கு அதை யாராவது படித்துக் காட்ட வேண்டும். குரல் பதிவு இனிமையானது என்றாலும், அது தொலைபேசி அழைப்பு தருவதையே தருகிறது. எழுத்தே தெரியாத பிள்ளைக்குக் குரல் பதிவுதான் ஏற்றதாக இருக்கக்கூடும். எங்கள் வீட்டில் அந்த நிலை இல்லாததால் அதைப் பற்றி உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

மிஞ்சியவை இரண்டு. ஒன்று, அப்பா நல்ல தமிழில் எழுதிக் கொடுக்க, பிள்ளை அதைப் பார்த்து எழுதுவது. மற்றொன்று, பிள்ளை தனக்குத் தெரிந்த எளிய தமிழில் தானே எழுதுவது. முந்தைய ஆண்டுகளில் வந்தவை முதல் வகைக் கடிதங்கள். "தங்கள் பொற்பாதங்களைப் பணிந்து வணங்கி எழுதும் கடிதம், தாங்கள் பல்லாண்டு நலமுடன் வாழ எல்லாம் வல்ல இறைவனைப் பிரார்த்திக்கின்றேன்" என்ற நடையில், ஒரு பிழையும் இல்லாமல் அவை இருந்தன. மரபு அறிந்த நடை அது. உறவினருக்கு எடுத்துக் காட்டவும் பெருமையாக இருந்தது.

ஆனால் எங்கள் முடிவைத் தீர்மானித்தது கடிதத்துக்குப் பிறகு வரும் தொலைபேசி உரையாடல்தான். என் அம்மா கடிதத்தைப் படித்து முடித்ததும் பேத்தியை அழைத்து, எழுதியதைப் பற்றித்தான் பேசத் தொடங்குவார். "எந்தக் கோவில்லடா கண்ணு எனக்காக வேண்டிக்கிட்டே?" என்று அவர் ஆவலோடு கேட்டால், 'பிரார்த்திக்கின்றேன்' என்பதன் பொருளே தெரியாமல் அதைப் பார்த்து எழுதிய குழந்தை என்ன பதில் சொல்லும்? அண்ணன் பக்கத்திலிருந்து பதில் சொல்வார், பேச்சு மகனுக்கும் தாய்க்கும் இடையிலானதாக மாறிவிடும், பேத்தி நழுவிப் போய்விடுவாள். ஆகவே, பாட்டி எந்த வரியைப் பற்றிக் கேட்டாலும் அந்தப் பிள்ளையே பதில் சொல்லக்கூடியதாகக் கடிதம் இருக்க வேண்டும் என்பதை ஒரே அளவுகோலாக வைத்தோம். அந்த அளவுகோலில் இரண்டாம் வழியே வென்றது.

இந்த வழியில் எழும் முதல் தடை, பிள்ளை காதால் கேட்ட பேச்சுத் தமிழுக்கும் எழுதும் தமிழுக்கும் உள்ள இடைவெளி. அதை முழுதாகக் கடக்க வேண்டியதில்லை, இடைவெளி குறைவாக இருக்கும் இடங்களில் நடந்தால் போதும். 'நான்', 'நாம்' என்று தொடங்கும் வாக்கியங்களில் நடந்து முடிந்ததையும் இனி நடக்கப் போவதையும் சொல்லும் வினைகள் பல, பேச்சிலும் எழுத்திலும் ஏறக்குறைய ஒன்றே: வந்தேன், போனேன், போட்டோம், வருவேன், பேசுவேன். 'படிச்சேன்' என்று பேசுவதைப் 'படித்தேன்' என்று எழுதுவது போன்ற சிலவற்றை மட்டும் பெரியவர் கவனித்தால் போதும். நிகழ்காலத்தில்தான் செய்றேன், செய்கிறேன் என்று வடிவம் விலகுகிறது. பாட்டியை நோக்கிச் சொல்லும் வினைகளுக்கு அண்ணன் ஒரே விதியைக் கற்றுக்கொடுத்தார்: பேச்சில் 'கொடுத்தீங்க' என்றால் எழுத்தில் 'கொடுத்தீர்கள்'. அந்த விதியால் 'நீங்கள்' என்று தொடங்கி 'கொடுத்தாய்' என்று முடிக்கும் தடுமாற்றமும் நீங்கியது.

சென்ற சித்திரையில் அவள் சென்னைக்கு வந்திருந்தாள். அதிலிருந்து ஒரே ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்கொள்ளச் சொன்னோம். அவள் எழுதியது இது:

"அன்புள்ள பாட்டி, உங்களுக்கு என் வணக்கம். இன்று உங்கள் பிறந்தநாள். நாம் மொட்டை மாடியில் வடகம் போட்டோம். நான் காக்காவை விரட்டினேன். நீங்கள் எனக்குக் கூழ் கொடுத்தீர்கள். அது எனக்கு ரொம்பப் பிடிக்கும். அடுத்த முறை நான் மாவு பிழிவேன். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? ஞாயிற்றுக்கிழமை போன் செய்வேன். அன்புடன், உங்கள் பேத்தி."

வயதில் சிறியவர் பெரியவரை வாழ்த்துவதில்லை, வணங்குவதே முறை என்று எங்கள் வீட்டில் கருதுவதால் தொடக்கத்தில் வணக்கம் இருக்கிறது; மற்ற வீடுகளில் வாழ்த்தே இயல்பாக இருக்கலாம். 'ரொம்ப' என்பதை 'மிகவும்' என்று மாற்ற அண்ணன் விரும்பினார், வேண்டாம் என்று நான் தடுத்தேன். பாட்டியும் பேத்தியும் பேசும்போது வருகிற சொல் அதுதான். முழங்காலைப் பற்றிய கேள்வி கட்டாயம் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. பாட்டிக்குப் பதில் சொல்ல ஒன்று கிடைக்கிறது, அந்தப் பதிலில் வரப்போகும் சொற்களும் பிள்ளைக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கின்றன. கூழைப் பற்றியும் காக்காவைப் பற்றியும் இருவரும் அன்று பேசிய பேச்சில் அண்ணன் ஒரு முறைகூடக் குறுக்கிட வேண்டியிருக்கவில்லை.

பிழை திருத்துவதில் ஓர் எல்லை வைத்துக்கொள்வது நல்லது. முதல் படியில் அவள் 'முழங்கால் வழி' என்று எழுதியிருந்தாள். பொருளையே மாற்றும் இத்தகைய பிழையைத் திருத்தத்தான் வேண்டும், ஆனால் பெரியவர் அதன் மேல் அடித்து எழுதாமல், உரக்கப் படித்துக் காட்டிப் பிள்ளையையே மீண்டும் எழுதச் சொல்ல வேண்டும். விட்டுப்போன ஒற்று, கோணலான சுழி ஆகியவற்றை அப்படியே விட்டுவிடலாம். கண்புரை அறுவைக்குப் பிறகு என் அம்மாவுக்குச் சிறிய எழுத்து சிரமமாக இருப்பதால், ஒரு வரி விட்டு ஒரு வரியில், கருப்பு மையில், பெரிதாக எழுதச் சொன்னோம். அதன் படத்தைப் பிறந்தநாள் காலையில் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, தாளைத் தபாலில் சேர்த்தார்கள்.

முதல் வகைக் கடிதத்துக்கும் ஓர் இடம் உண்டு. சதாபிஷேகம் போன்ற பெரிய விழாவில் எல்லோர் முன்னிலையிலும் வாசிக்க வேண்டுமென்றால் அந்த நடையே பொருந்தும். அப்போதும் பெரியவர் பெயரிலேயே அதை எழுதி, கீழே பிள்ளை தன் சொந்த வரிகள் இரண்டைச் சேர்ப்பதையே நான் விரும்புவேன்.

இன்னொன்றையும் முன்பே எண்ணிப் பார்க்க வேண்டும்: பாட்டி பதில் எழுதுவார். 1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்துவதற்கு முன்பே படித்து முடித்தவர்களின் கை இன்றும் பழைய வடிவங்களையே எழுதக்கூடும். என் அம்மா 'லை', 'ளை', 'ணை', 'னை' ஆகியவற்றை யானைத் துதிக்கை போன்ற கொம்புடனும், 'ணா', 'றா', 'னா' ஆகியவற்றைத் தனிக் கால் இல்லாமல் எழுத்தோடு சேர்ந்த சுழியுடனும் எழுதுகிறார். புதிய வடிவங்களை மட்டும் கற்ற பேத்தி அந்த இடங்களில் நின்றுவிடுவாள் என்பதால், அம்மாவையே ஒரு தாளில் பழைய எழுத்தையும் பக்கத்தில் புதிய எழுத்தையும் எழுதச் சொல்லி, அதையும் பதில் கடிதத்தோடு அதே உறையில் வைத்து அனுப்பினேன்.