நாளைய நாளை இன்று இரவே பார்க்க: ஸேப்பியரா, மேக்கா?

இரவு எட்டரை மணிக்கு ஒரே ஒரு மின்னஞ்சல் வர வேண்டும். கூகுள் காலண்டரில் உள்ள நாளைய சந்திப்புகளும் டுடூயிஸ்ட் பட்டியலில் நாளைக்கென்று குறித்த வேலைகளும் அதில் சேர்ந்திருக்க வேண்டும். நிரல் எழுதாமல் இதை அமைக்க, செயலிகளை ஒன்றோடொன்று இணைத்துத் தானாக இயக்கும் இணையச் சேவைகளான ஸேப்பியர் (Zapier), மேக் (Make) ஆகிய இரண்டையும் முயன்று பார்த்தபின் நான் மேக்கையே வைத்துக்கொண்டேன்.

ஸேப்பியர் கற்க எளிது. ஆனால் அதன் இலவசத் திட்டம் ஒரு தூண்டலுக்கு ஒரு செயலை மட்டுமே அனுமதிக்கிறது. நமக்கோ கடிகாரத் தூண்டலுக்குப் பின் காலண்டர், பட்டியல், மின்னஞ்சல் என மூன்று செயல்கள் தேவை என்பதால் கட்டணம் தவிர்க்க முடியாதது. அதன் Digest வசதியில் நிகழ்வுகளை வரவரச் சேர்த்துவைத்து இரவில் அனுப்பலாம் என்றாலும், சேர்த்தபின் ரத்தான சந்திப்பு தொகுப்பிலிருந்து தானாக நீங்குவதில்லை. இந்தப் பயனுக்கு அது பெரிய குறை.

மேக் எட்டரைக்குத்தான் காலண்டரைக் கேட்கிறது. ஆகவே அந்த நேரத்து நிலையே கிடைக்கிறது. அதன் சிக்கல் வேறு. தேடலில் கிடைக்கும் ஒவ்வொரு முடிவுக்கும் அடுத்த கட்டம் ஒருமுறை ஓடும்; ஒவ்வொரு ஓட்டத்துக்கும் மேக்கின் பயன்பாட்டு அலகான கிரெடிட் ஒன்று செலவாகும். நாளை 4 சந்திப்புகளும் 5 வேலைகளும் இருந்தால், காலண்டர் ஒருமுறை, டுடூயிஸ்ட் 4 முறை, மின்னஞ்சல் 20 முறை என 25 கிரெடிட் செலவாகி, பெட்டியில் 20 கடிதங்கள் வந்து விழும். ஒவ்வொரு தேடலுக்கும் பின் Text aggregator என்ற திரட்டி ஒன்றை வைத்தால் முடிவுகள் ஒரே உரையாகத் திரண்டு, ஒரு மாலைக்கு அதிகம் போனால் 5 கிரெடிட்டில் வேலை முடியும். இலவசத் திட்டத்தின் மாதம் 1,000 கிரெடிட்டுக்குள் இது எளிதாக அடங்கும். டுடூயிஸ்டுக்கு `tomorrow` என்ற வடிகட்டி போதும்.

என்னை அதிகம் அலைக்கழித்தது நேர மண்டலம். நாளின் எல்லை உலகப் பொது நேரத்தில் கணக்கிடப்பட்டால், நமக்கு நாளை என்பது காலை 5:30க்குத் தொடங்கி மறுநாள் 5:30க்கு முடியும். நாளை காலை 5:00 முதல் 5:20 வரையிலான நிகழ்வு விடுபட்டு, நாளை மறுநாளின் 5 மணி நிகழ்வு பட்டியலில் இடம்பெறுவதே இதன் அடையாளம். காலண்டர் தேடலின் தொடக்க நேரத்தைக் கீழே உள்ளபடி கொடுத்தபின் அது சரியானது. முடிவு நேரத்துக்கு 1 என்பதை 2 ஆக்க வேண்டும்.

```
{{formatDate(addDays(now; 1); "YYYY-MM-DD"; "Asia/Kolkata")}}T00:00:00+05:30
```

சந்திப்பே இல்லாத நாளில் தேடல் வெறுமையாக முடியும். திரட்டி இல்லாவிட்டால் ஓட்டம் அங்கேயே நின்று வேலைப் பட்டியலும் வராது. திரட்டி இருந்தால் வெற்று உரையுடன் அடுத்த கட்டம் தொடரும். ஆனால் வெறுமையானால் நிறுத்து என்ற தேர்வை அதில் இயக்காமல் விட வேண்டும்.