ஐஸ் ஆலையில் ஒரே பிஸ்டன் ரிங்: எப்போது முதலினச் செலவு, எப்போது வருவாயினச் செலவு?

கடலூர் முதுநகர் துறைமுகத்துப் பக்கம் இருக்கும் ஐஸ் ஆலைகளில் உப்புக்காற்றும் உப்புநீர்த் தொட்டியும் சேர்ந்து இரும்பை அரித்துக்கொண்டே இருக்கும். அதனால் பழுது பார்க்கும் பில் வராத மாதம் குறைவு. அவற்றில் எது வருவாயினச் செலவாக இந்த ஆண்டின் லாப நட்டக் கணக்குக்குப் போகும், எது முதலினச் செலவாகச் சொத்தில் ஏறித் தேய்மானமாகக் கரையும் என்பதில்தான் குழப்பம். பில் தொகை பெரிதா சிறிதா என்று பார்த்து முடிவெடுப்பதுதான் முதல் தவறு. இருந்த சொத்தை இருந்த நிலையில் ஓடவைத்தோமா, அல்லது புதிய சொத்தோ கூடுதல் திறனோ வந்து சேர்ந்ததா என்பதையே பார்க்க வேண்டும்.

உப்புநீர்த் தொட்டியில் 300 கேன் போட்டு, அவற்றில் தண்ணீரை உறையவைத்து ஐஸ் எடுக்கும் ஓர் ஆலையை எடுத்துக்கொள்வோம். அரித்து ஓட்டையான 40 கேன்களை எடுத்துவிட்டு, கேன் ₹4,000 வீதம் அதே அளவில் புதிது வாங்கினால் ஆகும் செலவு ₹1,60,000. பெரிய தொகைதான். ஆனாலும் இது பழுதுச் செலவு. ஆலை இன்னும் அதே 300 கேன் ஆலைதான். தொட்டியை நீட்டி 60 கேன் கூடுதலாகப் போட்டால், அந்த 60 கேனும், தொட்டியை நீட்டிய தகடு, வெல்டிங் கூலியும் முதலினச் செலவு. இரண்டுக்கும் ஒரே பட்டறை ஒரே பில் போட்டுத் தந்தால் சிக்கல். எத்தனை கேன் மாற்று, எத்தனை கூடுதல் என்று பில்லிலேயே பிரித்து எழுதி வாங்குங்கள். ஆண்டு முடிவில் ஆடிட்டர் கேட்கும்போது தொட்டியை எண்ணிப் பார்த்துப் பிரிப்பது எளிதல்ல.

கம்ப்ரசரில்தான் அதிகம் தவறுகிறார்கள். பழைய கம்ப்ரசர் ஒன்றை ₹3,00,000-க்கு வாங்குகிறோம். லாரி, கிரேன் ₹20,000. அடித்தளக் கான்கிரீட் ₹30,000. ஓட்டும் நிலையில் அது இல்லை. ரிங், வால்வு, பேரிங் மாற்ற ₹50,000. பெரும்பாலான கணக்குகளில் சொத்தில் ₹3,00,000 மட்டும் ஏறும். மீதி ஒரு லட்சம் வண்டி வாடகை, கட்டட வேலை, பழுது என்று மூன்று தலைப்பில் சிதறிக்கிடக்கும். சொத்தின் அடக்கம் ₹4,00,000 என்பதே சரி. இயந்திரத்தை இடத்தில் நிறுத்தி, முதல்முறை ஓடும் நிலைக்குக் கொண்டுவர ஆகும் எல்லாமே அதன் விலைதான்.

இந்தக் கம்ப்ரசர் டிசம்பரில் ஓடத் தொடங்கியது என்றால், அந்த நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாகவே பயன்பட்டிருக்கும். வருமான வரிக் கணக்கில் இயந்திரத்துக்கான 15% தேய்மானத்தில் பாதி, அதாவது 7.5% மட்டுமே கிடைக்கும். சிதறிய ஒரு லட்சத்துக்கு உரிய தேய்மானம் ₹7,500. செலவில் எழுதியதோ முழு ₹1,00,000. லாபம் ₹92,500 குறைத்துக் காட்டப்பட்டுவிட்டது.

அதே கம்ப்ரசர் இரண்டு ஆண்டு ஓடித் தேய்ந்து, மீண்டும் அதே ரிங், வால்வு, பேரிங் மாற்றினால் அது வருவாயினச் செலவு. பொருள் ஒன்றுதான், மெக்கானிக்கும் ஒருவர்தான். ஓடத் தொடங்குவதற்கு முன்பா பின்பா என்பதில் விடை மாறிவிடுகிறது.

முழுக் கம்ப்ரசரையே தூக்கிவிட்டுப் புதிது வைத்தால், ‘ஆலை என்ற ஒரே இயந்திரத்தின் பாகத்தை மாற்றினோம், ஆகவே பழுது’ என்று வாதிடுவோர் உண்டு. நூற்பாலையின் ரிங் ஃபிரேம் பற்றிய சரவணா ஸ்பின்னிங் மில்ஸ் வழக்கில் 2007-ல் உச்ச நீதிமன்றம் இந்த வகை வாதத்தை ஏற்கவில்லை. தனக்கென ஒரு வேலையைச் செய்யும் தனி இயந்திரத்தை மாற்றுவது நடப்புப் பழுது ஆகாது என்றது. கம்ப்ரசரைப் புதிதாக மாற்றுவதை முதலினமாகக் கொள்வதே பாதுகாப்பு.

கட்டடத்தில் ஜிஎஸ்டியும் சேர்ந்துகொள்ளும். கூரையில் உடைந்த 20 ஷீட்டை மாற்றுவது பழுது. அதற்குக் கொடுத்த ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரவாக எடுத்து, நாம் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம். ஷீட் கூரையைக் கழற்றிக் கான்கிரீட் போட்டால் அது மேம்பாடு. கட்டடத்தின் மதிப்பில் ஏற்றிய அளவுக்கு அந்த வேலையின் ஜிஎஸ்டி வரவு கிடைக்காது.

ஸ்பேனர், ஐஸ் கொக்கி, கை டிரில் போன்ற சிறு கருவிகளில் சில ஓராண்டைத் தாண்டி உழைக்கும். ஆனாலும் ஒவ்வொன்றுக்கும் தேய்மானம் போடுவது வீண் வேலை. ‘ஒரு பொருள் ₹5,000-க்குள் என்றால் செலவு’ என்பது போல ஒரு வரம்பை நிறுவனமே எழுதிவைத்து, ஆண்டுதோறும் மாறாமல் பின்பற்றலாம். இது நிறுவனத்தின் வசதிக்கான வரம்புதான். ₹5,000 வரையுள்ள இயந்திரத்துக்கு முழுத் தொகையும் கழிக்கலாம் என்று வருமான வரிச் சட்டத்தில் முன்பு இருந்த சலுகை 1990-களிலேயே நீக்கப்பட்டுவிட்டது.

இந்த வரம்பை வைத்து, கூடுதலாகப் போட்ட 60 கேனும் தலைக்கு ₹4,000 தானே என்று செலவில் தள்ளக்கூடாது. அவை ஒன்றாக வாங்கி, ஒரே தொட்டியில், ஒரே வேலைக்குப் போடப்பட்டவை. ₹2,40,000 என்ற மொத்தத்தையே வரம்போடு ஒப்பிட வேண்டும். செலவில் எழுதிய கருவிகளுக்கும் எண்ணிக்கை, வாங்கிய தேதி, யார் கையில் இருக்கிறது என்று தனி நோட்டு வேண்டும். சொத்துப் பட்டியலில் இல்லாத பொருள் காணாமல் போனால் கணக்கு அதைக் காட்டிக்கொடுக்காது.